சாய்கோட்டில் தொலைந்த முப்பது நாள்

கடந்த இதழில் பெரிய ஆலை ஒன்றின் கொள்முதல் மேலாளர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆர்டர் உறுதிசெய்யும் மின்னஞ்சல்களில் வழக்கமாக வரும் “பணம்: 30 நாள், இன்வாய்ஸ் / டெலிவரி” என்ற வரியில் எந்தக் குழப்பமும் இல்லை என்கிறார் அவர். அந்த வரிக்கு விளக்கம் கேட்டுப் பதில் எழுதும் சிறு பட்டறைக்காரர்களுக்குத் தொழில் பக்குவம் போதாதாம். இதற்கு மூன்று காரணங்களை அடுக்குகிறார். முதலாவது, முப்பது நாள் என்றால் எப்போதிலிருந்து என்பது தொழிலில் இருக்கும் எல்லாருக்கும் தெரியுமாம். இரண்டாவது, எப்படியும் சட்டம் 45 நாள் என்று காவல் போட்டிருப்பதால் சிறு தொழிலுக்கு ஆபத்தில்லையாம். மூன்றாவது, இதையெல்லாம் எழுதிக் கேட்பது உறவைக் கெடுக்குமாம்.

இருபது ஆண்டுகளாகக் கோவையில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்றுமே தவறு. அதிலும் முதலாவது, பணம் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே உண்மையாகத் தெரியக்கூடிய தவறு. பணத்துக்காகக் காத்திருப்பவர் பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்திருந்தால் அவர் அந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டார்.

“எல்லாருக்கும் தெரியும்” என்ற வாதத்தை ஓர் ஆர்டரில் வைத்துப் பார்ப்போம். நான் கணக்குப் பார்க்கும் ஒரு லேத் பட்டறை, 2025 மார்ச்சில் அகமதாபாத்தில் உள்ள ஓர் ஆலைக்குப் பம்ப் உதிரிபாகங்கள் அனுப்பியது. சரக்கின் மதிப்பு 7,00,000 ரூபாய், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 1,26,000 ரூபாய், ஆக மொத்தம் 8,26,000. ஆர்டர் மின்னஞ்சலில் இருந்தது கட்டுரையாளர் புகழ்கிற அதே வரிதான், அதே சாய்கோட்டுடன்.

மார்ச் 4 அன்று பில் போட்டு, அன்று மாலையே லாரியில் ஏற்றினார்கள். மார்ச் 11 அன்று சரக்கு அகமதாபாத் ஆலை வாசலில் இறங்கியது; டெலிவரி செலானில் வாசல் காவலர் தேதி முத்திரை போட்டுக் கையெழுத்திட்டார். தர சோதனை முடிந்து, சரக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டதாக அந்த ஆலை தன் கணினியில் ஜி.ஆர்.என். போட்டது மார்ச் 18 அன்று. பில் அங்கிருந்து கணக்குப் பிரிவுக்குப் போய்ப் பதிவானது மார்ச் 24 அன்று. அந்த ஆலை மாதத்தில் 5, 20 ஆகிய இரண்டு தேதிகளில்தான் பணம் அனுப்பும்.

இப்போது எண்ணுங்கள். பில் தேதியிலிருந்து 30 நாள் என்றால் ஏப்ரல் 3. வாசலில் இறங்கிய நாளிலிருந்து என்றால் ஏப்ரல் 10. ஜி.ஆர்.என். தேதியிலிருந்து என்றால் ஏப்ரல் 17. கணக்கில் பதிவான நாளிலிருந்து என்றால் ஏப்ரல் 23. ஏப்ரல் 20 கடந்துவிட்டதால், அடுத்து பணம் அனுப்பும் நாள் மே 5. பட்டறைக்குப் பணம் வந்தது அந்த மே 5 அன்றுதான். முப்பது நாள் கடன் என்று நம்பி அனுப்பிய சரக்குக்கு, பில் போட்ட அறுபத்திரண்டாம் நாள் பணம் வந்திருக்கிறது. ஆலையின் கணக்குப் பிரிவைக் கேட்டால், தாமதமே இல்லை, டெலிவரி என்றால் எங்களுக்கு ஜி.ஆர்.என். போட்டுப் பில் பதிவாகும் வரையிலான வேலைதான் என்றார்கள். பட்டறை முதலாளி கேட்டால், பில் தேதியிலிருந்துதானே சார் பேச்சு என்றார். இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் ஒரே வரியைப் படித்துவிட்டுத்தான் பேசினார்கள்.

எல்லாருக்கும் தெரிந்த பொருளுக்கு ஒரே வரியில் நான்கு தேதிகள் எப்படி வந்தன? கட்டுரையாளர் இதற்கு ஒரு பதிலும் வைத்திருக்கிறார். சாய்கோடு இருந்தால் இரண்டில் எது பிந்தியதோ அதையே எடுத்துக்கொள்வது இயல்பான வாசிப்பு என்கிறார். எந்த இலக்கணத்தில்? சாய்கோடு ‘அல்லது’ என்று சொல்லும். ‘பிந்தியது’ என்று சொல்லாது. ‘அல்லது’ என்று வந்த பிறகு, தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்விதான் எஞ்சும். அந்தத் தேர்வு வாங்குபவருடையது என்று அவராகவே முடிவுசெய்துவிட்டு, அதற்கு இயல்பு என்று பெயர் வைக்கிறார்.

சட்டத்தின் இயல்பு அவர் சொல்வதற்கு நேர் எதிராக இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வேறு உடன்பாடு இல்லாதவரை, சரக்கைக் கொடுப்பதும் பணத்தைக் கொடுப்பதும் ஒரே சமயத்தில் நிகழ வேண்டியவை என்கிறது. அதாவது கடன் என்பது விதிவிலக்கு. பேசி, ஒப்புக்கொண்டு வாங்கிக்கொள்ள வேண்டிய சலுகை. சலுகை எந்த நாளில் தொடங்குகிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டிய பொறுப்பு அதை அனுபவிக்கிறவருக்கு உண்டு. தெளிவில்லாமல் எழுதியவரே அந்தத் தெளிவின்மையால் லாபம் அடையக் கூடாது என்பது ஒப்பந்தங்களைப் படிப்பதில் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு கோட்பாடு. அந்த வரியை எழுதி அனுப்பியது ஆலையின் கொள்முதல் பிரிவு, பட்டறை அல்ல.

சில நாள் முன்பின் ஆனால் என்ன என்றும் கட்டுரையில் ஓர் இடத்தில் கேட்கிறார். என்ன ஆகும் என்று சொல்கிறேன். மாதாமாதம் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யும் பட்டறைக்கு, மார்ச் 4 பில்லின் வரியை ஏப்ரல் 20க்குள் கட்டியாக வேண்டும். பணம் வந்ததா இல்லையா என்று ஜி.எஸ்.டி. கேட்பதில்லை, பில் போட்டதா என்றுதான் கேட்கும். ஏப்ரல் 3 அன்று பணம் வந்திருந்தால், ஆலை கொடுத்த வரிப் பணத்தை அப்படியே அரசுக்குக் கட்டியிருப்பார்கள். ஏப்ரல் 10 ஆக இருந்தாலும் சமாளித்திருப்பார்கள். மே 5 என்று ஆனதால், இரும்பு வாங்கியபோது கட்டிய வரியைக் கழித்துக்கொண்ட பிறகும், மீதி வரியை அந்த முதலாளி தன் ஓ.டி. கணக்கிலிருந்து எடுத்துக் கட்டினார். தான் இன்னும் கையில் வாங்காத வரியை வட்டிக்கு வாங்கிக் கட்டினார். அந்தச் சில நாள்களின் பொருள் இதுதான். “பணம் வந்துருமுங்க சார், எப்ப வரும்னுதானுங்க தெரியல” என்று அவர் என்னிடம் சொன்னபோது, சம்பள நாள் இரண்டு நாள் தொலைவில் இருந்தது.

அடுத்து அந்த 45 நாள் காவல். குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் 2006இன் 15ஆம் பிரிவைத்தான் கட்டுரையாளர் சுட்டுகிறார். பிரிவை முழுதாகப் படித்திருந்தால் அதைத் தன் வாதத்துக்குத் துணையாக அழைத்திருக்க மாட்டார். எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதிக்குள் வாங்குபவர் பணம் தர வேண்டும். அந்தக் காலம் ஏற்பு நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது அது. 45 நாள் என்பது மேல்வரம்பு. எழுதி ஒப்புக்கொண்டது முப்பது என்றால் கெடு முப்பதுதான். எழுத்தில் உடன்பாடே இல்லையென்றால் 45 நாள் கிடைக்காது. பதினைந்து நாள் முடிந்த மறுநாளே சட்டம் குறிக்கும் நாள் வந்துவிடும். தொடக்க நாளே சொல்லாத ஒரு வரி, தேதியை எழுத்தில் ஒப்புக்கொண்டது ஆகுமா என்று ஒரு நல்ல வழக்கறிஞர் கேட்டால், சாய்கோட்டை நம்பியிருக்கும் ஆலைதான் பதில் தேட வேண்டியிருக்கும். தெளிவின்மை எப்போதும் வாங்குபவரைக் காக்கும் என்று நினைக்கும் கட்டுரையாளர் தன் சொந்த ஆலையைத்தான் அந்தக் கேள்விக்கு முன் நிறுத்துகிறார்.

ஏற்பு நாள் எது என்பதையும் அந்தச் சட்டமே சொல்கிறது. சரக்கு உண்மையில் ஒப்படைக்கப்பட்ட நாள்தான் ஏற்பு நாள். பதினைந்து நாளுக்குள் வாங்குபவர் எழுத்தில் ஆட்சேபம் சொன்னால் மட்டும், அந்த ஆட்சேபத்தை விற்றவர் நீக்கிய நாள் ஏற்பு நாளாகும். தர சோதனை எந்த நாளில் முடிந்தது, கணினியில் எந்த நாளில் ஜி.ஆர்.என். போட்டார்கள், பில் யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதற்கெல்லாம் அங்கே இடமே இல்லை. நம் ஆர்டரில் ஆட்சேபம் எதுவும் எழுதப்படவில்லை. ஆகவே ஏற்பு நாள் மார்ச் 11. அதிலிருந்து 45 நாள் என்றால் ஏப்ரல் 25. பணம் வந்தது மே 5. கட்டுரையாளர் சொல்லும் காவல் எல்லையையும் தாண்டித்தான் அந்தப் பணம் வந்திருக்கிறது, அதுவும் தாமதமே இல்லை என்று நேர்மையாக நம்பிய ஓர் ஆலையிலிருந்து.

தாண்டினால் வட்டி உண்டே என்பார். உண்டு. ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. அதை வாங்க வசதியாக்கல் மன்றத்துக்கு மனுப் போட வேண்டும். அடுத்த மாத ஆர்டரும் அதே ஆலையிலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலையில் இருக்கும் எந்தப் பட்டறைக்காரர் மனுப் போடுவார்? என் இருபது ஆண்டில், வியாபாரம் முறிந்த பிறகு போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். உறவு இருக்கும்போது பயன்படுத்த முடியாத உரிமையைக் காட்டி, உறவு இருக்கும்போதே கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேட்காதே என்று சொல்வது அறிவுரை ஆகாது. மேலும், அந்தச் சட்டத்தில் இந்தக் காப்பு குறு, சிறு தொழில்களுக்குத்தான். நடுத்தரத் தொழிலுக்கு அதுவும் இல்லை. அவர்களுக்கு இருப்பது அந்த மின்னஞ்சல் வரி ஒன்றுதான்.

வாங்குபவருக்கு இன்னொரு அடி இருக்கிறது. கட்டுரையாளர் அதைப் பேசவே இல்லை. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் (எச்) என்ற கூறைச் சேர்த்தது. குறு, சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை அந்த 15ஆம் பிரிவின் கெடுவுக்குள் தராவிட்டால், அந்தச் செலவை உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழித்துக்கொள்ளலாம். நம் ஆர்டர் 2025 மார்ச்சில் வாங்கியது. பணம் கொடுத்தது அடுத்த நிதியாண்டில், கெடு தாண்டி. ஆகவே அந்த ஏழு லட்ச ரூபாய்க் கொள்முதலை ஆலை 2024-25 கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது. அதே பணத்தை ஏப்ரல் 10க்குள் கொடுத்திருந்தால், அடுத்த நிதியாண்டில் கொடுத்ததாக இருந்தாலும் கெடுவுக்குள் வந்திருக்கும், கழிவும் போயிருக்காது. ஆண்டு முடிவில் தணிக்கையாளர் வந்து ஒவ்வொரு சிறு தொழில் பில்லுக்கும் கெடு என்ன என்று கேட்கும்போது, சாய்கோட்டைக் காட்டி என்ன பதில் சொல்வது?

கட்டுரையாளரின் மூன்றாவது காரணம் உறவு. இதில் ஒரு கால்பங்கு நியாயம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். பில் தேதியிலிருந்துதான் என்று விடாப்பிடியாக நிற்கும் விற்பனையாளர்மீது வாங்குபவருக்குச் சந்தேகம் வரலாம். பில்லை முன்கூட்டியே போட்டுவிட்டுச் சரக்கை நான்கு நாள் கழித்து ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தூரத்து ஊருக்கு ஒரு வாரம் லாரியில் போகும் சரக்குக்கு, கண்ணால் பார்க்கும் முன்பே கடிகாரம் ஓடத் தொடங்குவது வாங்குபவருக்கு உறுத்தத்தான் செய்யும். ஆனால் அதற்கு விடை, எந்த நாள் என்று சொல்லாமல் விடுவது அல்ல. டெலிவரி நாள் என்று தெளிவாகச் சொல்வதுதான். பில்லா டெலிவரியா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஒன்று இருக்க வேண்டும். அதன் தேதி, பணம் கொடுக்க வேண்டியவரின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. இந்த இரண்டில்தான் எனக்குப் பிடிவாதம். ஜி.ஆர்.என். தேதி ஏன் கூடாது என்றால், அது எப்போது விழும் என்பது முழுக்க வாங்குபவரின் கையில் இருப்பதால்தான். வாசல் முத்திரையோ, இருவர் முன்னிலையில், லாரி ஓட்டுநரின் கையில் உள்ள காகிதத்தில் விழுகிறது.

ஆகவே கட்டுரையாளர் எழுதக் கூடாது என்று சொல்லும் அந்த மின்னஞ்சலை எப்படி எழுதுவது என்று இங்கே வைக்கிறேன். ஆர்டர் வந்ததும், சரக்கு கிளம்பும் முன்பே, இவ்வளவு எழுதினால் போதும்:

“வணக்கம். உங்கள் ஆர்டருக்கு நன்றி. அதில் ‘30 நாள், இன்வாய்ஸ் / டெலிவரி’ என்று இருப்பதை நாங்கள் இப்படிப் புரிந்துகொள்கிறோம்: சரக்கு உங்கள் ஆலை வாசலில் இறங்கிய நாளிலிருந்து 30 நாள். இறங்கிய நாள் என்பது டெலிவரி செலானில் உங்கள் வாசல் முத்திரையில் உள்ள தேதி. அந்த நாளைச் சேர்க்காமல், மறுநாளை முதல் நாளாக எண்ண வேண்டும். 30ஆம் நாள் வங்கி விடுமுறையானால் அடுத்த வங்கி வேலை நாள். அன்றைக்குள் பணம் எங்கள் கணக்கில் வரவாக வேண்டும். சரக்கில் குறை இருந்தால் இறங்கிய 7 நாளுக்குள் எழுத்தில் சொல்லுங்கள். குறையுள்ள உருப்படிகளின் தொகையை மட்டும் நிறுத்திவைக்கலாம், மீதிக்குக் கெடு மாறாது. பல லாரிகளில் போனால் ஒவ்வொரு லாரிக்கும் தனிக் கணக்கு. இது சரிதான் என்று பதில் எழுதினால் சரக்கை அனுப்புகிறோம்.”

பில் தேதிதான் வேண்டும் என்றால், வாசலில் இறங்கிய நாளைச் சொல்லும் இரண்டு வாக்கியங்களையும் மாற்றி, “இன்வாய்ஸில் அச்சான தேதியிலிருந்து 30 நாள், சரக்கு லாரியில் ஏறும் நாளில்தான் இன்வாய்ஸ் போடுவோம்” என்று எழுதலாம். வாங்குபவரின் நியாயமான அச்சம் அந்த இரண்டாம் பாதியில் தீர்ந்துவிடுகிறது. உள்ளூர் ஆலைக்குக் காலையில் பில் போட்டு மாலையில் இறக்கும் சரக்குக்கு இதுவே எளிது. வெளிமாநிலத்துக்குப் போகும் சரக்குக்கு வாசல் முத்திரைதான் நல்லது. சட்டத்தின் ஏற்பு நாளோடும் அது ஒத்துப்போகிறது.

ஒவ்வொரு வாக்கியமும் ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு நம் ஆர்டரே சாட்சி. மார்ச் 11ஐ விட்டுவிட்டு மார்ச் 12ஐ முதல் நாளாக எண்ணினால் முப்பதாம் நாள் ஏப்ரல் 10. 2025இல் அந்த நாள் மகாவீர் ஜெயந்தி. தமிழ்நாட்டிலும் குஜராத்திலும் வங்கி விடுமுறை. நெஃப்ட் பரிமாற்றம் 2019 டிசம்பரிலிருந்து விடுமுறையிலும் நடக்கிறது, ஆகவே அன்றே அனுப்பியிருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். அலுவலகமே மூடியிருந்தது என்று இன்னொருவர் சொல்லலாம். எழுதி வைத்திருந்தால் கெடு ஏப்ரல் 11 என்று இருவரும் பேசாமலே தெரிந்துகொள்வார்கள். வரவாக வேண்டும் என்ற சொல்லும் அப்படித்தான். காசோலையில் கையெழுத்துப் போட்ட நாளைக் கெடு நாளாகக் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதில் வாங்காமல் சரக்கை ஏற்றக் கூடாது. மின்னஞ்சலில் முடிந்த ஒப்பந்தமும் செல்லும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் நாம் அனுப்பியதற்கு எதிர்ப்பக்கம் மௌனமாக இருந்தால் அதைச் சம்மதம் என்று நம்பிவிட முடியாது. “சரி” என்ற ஒரு சொல் போதும். அது எழுத்தில் இருக்க வேண்டும். பதில் வந்த பிறகு பி.ஓ. வந்தால், அதன் பின்பக்கத்தில் உள்ள சின்ன எழுத்து நிபந்தனைகளையும் படிக்க வேண்டும். ஜி.ஆர்.என். தேதியிலிருந்து என்று அங்கே அச்சிட்டிருந்தால், நம் மின்னஞ்சலில் பேசியதைப் பின்னால் வந்த காகிதம் விழுங்கிவிடும். அப்படி இருந்தால் உடனே, மின்னஞ்சலில் ஒப்புக்கொண்டதே செல்லும், பி.ஓ.வில் அதைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்க வேண்டும்.

இப்படி எழுதினால் உறவு கெடுமா? நான் சொன்ன பட்டறைக்காரர் அடுத்த ஆர்டருக்கு ஏறத்தாழ இதே மின்னஞ்சலை அனுப்பினார். அந்த ஆலையின் கொள்முதல் பிரிவு இரண்டு நாள் கழித்து, டெலிவரி நாள் சம்மதம், வாசல் முத்திரையும் சம்மதம், ஆனால் குறை சொல்ல 7 நாள் போதாது, 10 நாள் வேண்டும் என்று பதில் போட்டது. இவர் ஒப்புக்கொண்டார். யாரும் யார்மீதும் கோபப்படவில்லை. ஆலையின் கணக்குப் பிரிவும் அந்தத் தேதியைத் தன் கணினியில் ஏற்றிக்கொண்டதால், பணம் அனுப்பும் நாளுக்காகக் காத்திருப்பதும் நின்றது. உறவைக் கெடுத்தது முதல் ஆர்டரின் அந்த அறுபத்திரண்டு நாள். வாரம் இருமுறை போன் போட்டுப் பணம் கேட்பதும், ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் எடுத்து வேறு ஒரு தேதி சொல்வதும்தான் உறவைத் தின்றன.

கட்டுரையாளர் இந்த இதழைப் படிப்பார் என்று தெரியும். அவரிடம் ஒன்று கேட்கிறேன். தன் மேசையிலிருந்து கடந்த காலாண்டில் போன ஆர்டர்களில் பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பணம் கொடுக்க வேண்டிய கடைசித் தேதியைத் தாமே ஒரு தாளில் எழுதட்டும். அதே பத்து ஆர்டர்களைத் தன் கணக்குப் பிரிவில் ஒருவரிடம் கொடுத்து, அவரையும் தனியாக எழுதச் சொல்லட்டும். இரண்டு தாள்களும் பத்துக்குப் பத்து ஒத்துப்போனால், எல்லாருக்கும் தெரியும் என்ற அவர் வாதத்தை நான் ஏற்கிறேன். ஒத்துப்போகாவிட்டால், ஒரே கட்டடத்துக்குள் இருக்கும் இருவருக்கே தெரியாத ஒரு தேதியை ஆயிரம் மைலுக்கு இப்பால் இருக்கும் பட்டறைக்காரர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று எழுதியதை அவர் திரும்பப் பெற வேண்டும். அன்றைக்கே அந்தச் சாய்கோட்டை அழித்துவிட்டு, அங்கே ஒரு நாளின் பெயரை எழுத வேண்டும்.